காத்தாடி நின்ற இடம்

நான் நன்றாக அழிப்பேன். இதை அடக்கமாகச் சொல்லும் வித்தை எனக்கு வராது. காந்திபுரத்தில் ஒரு கல்யாண ஆல்பம் கடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் முகப்பரு, மண்டபத்துச் சுவரில் தொங்கிய ஒயர், தாலி கட்டும் நேரம் பார்த்துக் கொட்டாவி விட்ட பெரியப்பா என்று சொன்னதையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறேன். ஒரு வீட்டில் மூத்த மருமகனையே குடும்பப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவர் கை பக்கத்திலிருந்தவரின் தோள்மேல் கிடந்தது. கையை எடுத்து, அந்தத் தோளைப் புதிதாகச் செய்து கொடுத்தேன். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரரே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தெட்டு வயதில் அந்தக் கடையை விட்டுச் சினிமா வேலைக்குப் போனேன். சினிமா என்றதும் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். இது பீளமேட்டில் இரண்டாவது மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறையில் செய்கிற வேலை. படம்பிடித்த காட்சிகள் சென்னையிலிருந்து எங்களுக்கு வரும். சண்டைக் காட்சியில் ஆளைத் தூக்கிய கயிறு, கண்ணாடியில் தெரிந்துவிட்ட காமிரா, பழைய காலத்துத் தெருவில் நிற்கும் செல்போன் டவர், எல்லாவற்றையும் அழித்து, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்கிற மாதிரி செய்து திருப்பி அனுப்பவேண்டும். ஆல்பத்தில் ஒரு படத்தைச் செய்தால் போதும். சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்துநாலு படம்.

என் மாமியாருக்கு இந்த வேலை ரொம்ப நாள் பிடிபடவில்லை. அவர் உடுமலைப்பேட்டை பக்கம் தென்னையும் மாடுமாகத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். நானும் வீட்டுக்காரரும் அன்னூரில். யாராவது மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்று சொல்லிப் பேச்சை மாட்டுக்கோ மழைக்கோ மாற்றிவிடுவார். எனக்கு அது உறுத்தும். டீச்சர் என்றால் பெருமையாகச் சொல்லியிருப்பார் அல்லவா. அழிக்கிற வேலை என்று எப்படிச் சொல்வது என்று அவருக்கே சங்கடம்.

சேர்ந்தபோது ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். பிடித்திருந்தால் நிரந்தரம். எனக்கு மேலே இருந்த லீடு பெருந்துறைக்காரப் பெண், இருபத்தாறு வயது. என்னை அக்கா என்பாள், வேலையில் தவறு கண்டால் அதே மரியாதையோடு பிரித்துப் போட்டுவிடுவாள். ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் தென்னந்தோப்பு ஷாட் என் கைக்கு வந்தது.

கரண்டு வராத காலத்துக் கதை அது. மார்கழி மாதிரியான ஒரு காலை, தோப்பு முழுக்கப் பனிமூட்டம். கதாநாயகன் தென்னை வரிசைகளுக்கு நடுவே நடந்து போகிறான், காமிரா அவன் பின்னாலேயே மெதுவாக நகர்கிறது. ஒன்பது விநாடி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தூரத்தில், தோப்பு முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிற இடத்தில், பனிக்குள் மங்கலாக ஒரு காற்றாலை, எங்கள் பேச்சில் காத்தாடி. மூன்று இறக்கையும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்தது உடுமலை பக்கம், அங்கே காத்தாடி இல்லாமல் காமிராவைத் திருப்புவது லேசான காரியமில்லை. அதை அழிக்கவேண்டும்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருமகனையே அழித்தவளுக்கு இந்தக் காத்தாடி எம்மாத்திரம் என்று நினைத்தேன். லீடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பனி இருக்குதுங்க்கா, பாத்து" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் கண்ணு என்றேன்.

காத்தாடிக்குப் பின்னால் இன்னொரு தோப்பு இருந்தது. பனியில் சாம்பல் பூசின மாதிரி ஒரு மர வரிசை. அது இடப்பக்கம் காமிராவுக்குக் கிட்டே ஆரம்பித்து, வலப்பக்கம் போகப்போகத் தள்ளிப் போகும் சாய்வான வரிசை. காத்தாடியின் தூண் அந்த வரிசையின் நடுப்பாகத்தை மறைத்து நின்றது. நான் இடப்பக்கத்து மரங்களில் கொஞ்சத்தை எடுத்துத் தூணின்மேல் ஒட்டினேன். காமிரா நகர்வதற்குத் தகுந்தபடி அது ஒட்டிக்கொண்டே போகும்படி கட்டினேன். பழக்கதோஷத்தில் ஓலைகளைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கியும் விட்டேன். ஆல்பம் கடையில் மங்கல் என்பது குற்றம். எந்த மாமனாரும் மங்கலான படத்துக்குக் காசு கொடுத்ததில்லை.

படத்தின் மேற்பார்வையாளர் சென்னையிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்தார். ஒருமுறை ஓட்டினார். பிறகு பிரகாசத்தைக் கூட்டி ஓட்டினார். இப்படிக் கூட்டினால் பனிக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். வந்தது. சாம்பல் மரங்களுக்கு நடுவே என் மரங்கள் மட்டும் கறுத்துத் தெரிந்தன.

"காத்தாடி போயிடுச்சு மேடம். ஆனா அந்த மரம் மட்டும் கிளம்பி முன்னாடி வந்து நிக்குதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சரி, கறுத்துவிட்டது, அவ்வளவுதானே என்று வலப்பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன். அங்கே மரங்கள் ரொம்பத் தூரம், சூரியன் வருகிற பக்கமும் அதுதான் என்பதால் பனியே வெளுப்பு. இரண்டாம் தடவை அழைப்பில் அவர் பிரகாசத்தைக் கூட்டவே இல்லை.

"இப்ப அங்க ஒரு ஓட்டை இருக்கு. தூண் உயரத்துக்கு ஒரு ஓட்டை. காத்தாடிய அழிச்சீங்க, அதோட நிழலை நிக்கவெச்சுட்டீங்க."

அழைப்பு முடிந்ததும் லீடு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் சொல்ல மனசில்லை என்பது தெரிந்தது.

"இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா ஷாட்ட அவங்களே எடுத்துக்கறாங்களாமாங்க்கா."

"எடுத்துக்கட்டும். எனக்கென்ன."

"உங்க ஆறு மாசம் வெள்ளிக்கிழமையோட முடியுதுங்க. உங்கள நிரந்தரம் பண்றதுக்கு இந்த ஷாட்டத்தான் பாப்பாங்களாம். மேல சொல்லிப்போட்டாங்க."

எனக்கென்ன என்று சொன்ன கையோடு ஷாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ஆல்பம் கடையை விட்டு வரும்போது முதலாளியிடம், இனி இந்தப் படியை மிதித்தால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் அன்றைக்கே, "நாற்காலிய எடுக்க மாட்டேன் அம்மணி, திரும்பி வருவீங்க" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அந்த வாரம் முழுக்க என் கண்முன்னாலேயே நின்றது. திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்காருவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை காலை அன்னூரில் ஆறரை மணி பஸ் ஏறினேன். நல்ல பனி. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு உருட்டிக்கொண்டு போனார். கைகாட்டி தாண்டி ஒரு நேர்ச் சாலையில் பஸ் நின்றுவிட்டது, முன்னால் லாரி ஏதோ திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே சாலையோர மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கம்பம் நல்ல கறுப்பு. அடுத்தது கொஞ்சம் வெளுப்பு. அதற்கடுத்தது இன்னும். எட்டாவதோ ஒன்பதாவதோ, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு. கம்பமெல்லாம் ஒரே கம்பம்தான். நடுவில் இருக்கிற பனிதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகிறது.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நான் இத்தனை நாள் பனியை ஒரு வண்ணமாகப் பார்த்திருக்கிறேன். கறுப்பாக இருந்தால் வெளுப்பாக்கு, வெளுப்பாக இருந்தால் கறுப்பாக்கு. பனி ஒரு தூரம். காத்தாடிக்குப் பின்னால் இருக்கிற மரத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு பனி போடவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தத் தூரம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கம்பம் மாதிரி சம தூரத்தில் நட்டது ஏதாவது ஷாட்டில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பஸ் நகர்ந்ததும் எனக்குப் பொறி தட்டியது. தென்னை.

அங்கேயே மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நம்ம தோப்புல மரத்துக்கு மரம் எத்தன அடிங்க?"

"இருவத்தஞ்சு. ஏன் அம்மணி, ஆபீசுக்குள்ள கன்னு வெக்கப் போறீங்களா?"

"எல்லாரும் அதேமாதிரிதான் வெப்பாங்களாங்க? முன்னப் பின்ன இருக்காதுங்களா?"

"கயிறு புடிச்சுத்தான் குழி போடுவோம். ஒரு மரம் வரிச தப்புனாலும் ரோட்டுல போறவன் சிரிப்பான். காலைல எந்திரிச்சு இதென்ன கேள்வி?"

"வேலைக்குங்க அத்தை."

"அழிக்கற வேலைக்குத் தென்னமரம் எதுக்கு" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று வைத்துவிட்டார்.

அலுவலகத்துக்குப் போனதும் ஷாட்டின் ஒரு படத்தை நிறுத்தி, ஒரே வரிசையில் நாலு மரத்துக்கு ஒரு மரமாக எடுத்தேன். நூறடிக்கு ஒரு மரம். மரத்தண்டின் கறுப்புக்கும், அதன் பக்கத்தில் வெறும் பனியின் வெளுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டே போனேன். ஒழுங்கே இல்லாமல் வந்தது. ஒரு நூறடிக்கு நிறையக் குறைகிறது, அடுத்ததற்குக் கொஞ்சமாகக் குறைகிறது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லீடு வந்தாள். என் நோட்டைப் பார்த்தாள்.

"இது ஸ்கிரீன்ல தெரியறதுக்காக மாத்துன நம்பருங்க்கா. காமிராவுல விழுந்த வெளிச்சத்தோட நம்பர எடுத்துப் பாருங்க."

மானிட்டரில் கண்ணுக்கு இதமாகத் தெரிவதற்காக இருட்டுக்கும் வெளுப்புக்கும் நடுவிலுள்ள மதிப்புகளைத் தூக்கிக் காட்டுவார்கள். பனி அந்தக் கணக்குக்கு மசியாது, அசல் வெளிச்சத்தில்தான் பிடிபடும். மாற்றிப் பார்த்தேன். முதல் மரத்துக்கும் பனிக்கும் வித்தியாசம் நூறு என்று வைத்துக்கொண்டால், நூறடி தள்ளி எண்பது. இன்னும் நூறடிக்கு அறுபத்துநாலு. அடுத்தது ஐம்பத்தொன்று. ஒவ்வொரு நூறடிக்கும், மிச்சமிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை அந்தப் பனி தின்றிருந்தது. யாரோ ஒரு உடுமலைக்காரர் கயிறு பிடித்து நட்ட மரங்கள் எனக்கு அளவுகோலாக நின்றன. அவர் ஒழுங்காக நட்டிருக்கிறார் என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அப்புறம் தூரம். பின்தோப்பு மரங்களின் உயரத்தை முன்தோப்பு மரங்களோடு ஒப்பிட்டேன். தூரம் இரட்டிப்பானால் படத்தில் உயரம் பாதியாகும். மரத்துக்கு மரம் உயரம் கொஞ்சம் வித்தியாசப்படும் என்பதால் ஏழெட்டு மரங்களுக்குச் சராசரி எடுத்தேன். இடது ஓரத்து மரம் எவ்வளவு தூரம், வலது ஓரத்து மரம் எவ்வளவு தூரம் என்று தெரிந்ததும் தூணுக்குப் பின்னால் மறைந்தவை எங்கே நிற்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

வேலையை ஆரம்பித்தேன். இடப்பக்கத்து மரங்களையே மறுபடி எடுத்தேன், ஆனால் இந்தமுறை முதலில் அவற்றின்மேல் இருந்த பனியை அதன் தூரத்துக்குத் தகுந்தபடி கழித்தேன். கழித்ததும் அசல் மரம் வந்தது, கூடவே காமிரா படத்தில் தானாகத் தூவுகிற பொடிப்புள்ளிகளும் பெருத்துக்கொண்டு வந்தன. அதனால் திரும்பப் போய்ப் புள்ளிகளை முதலிலேயே நீக்கிவிட்டுக் கழித்தேன். மரத்தைத் தூரத்துக்கேற்பச் சிறிதாக்கி, அந்த இடத்துக்கு உரிய பனியைப் போட்டேன். பனியின் வெளுப்பை இடப்பக்கத்திலிருந்து எடுக்காமல், தூணுக்கு ஒட்டி இருபக்கமும் இருந்த வெறும் பனியிலிருந்து, ஒவ்வொரு படத்துக்கும் அந்தந்தப் படத்திலிருந்தே எடுத்தேன். பனி நகர்ந்துகொண்டிருக்கிறதே. கடைசியில், சுற்றிலுமுள்ள படத்தோடு சேரும்படி புள்ளிகளைத் திரும்பத் தூவினேன். இறக்கைகள் மர உச்சிக்கு மேலே வெறும் பனியில் சுற்றியதால் அவற்றை அழிப்பது மட்டும் சுலபமாக இருந்தது.

முடித்துப் பார்த்தால் கீழ்ப்பகுதி இடித்தது. மரத்தின் தலை சரியாக இருக்கிறது, அடி மட்டும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அரைநாள் மண்டை காய்ந்தது. பிறகுதான் காலைப் பனி தரையோடு கெட்டியாகக் கிடக்கும், மேலே போகப்போக மெலியும் என்பது உறைத்தது. என் நூறும் எண்பதும் ஓலைக்குச் சற்றுக் கீழே எடுத்தவை. மண்ணை ஒட்டி ஒருமுறையும் ஓலை உயரத்தில் ஒருமுறையும் அதே மரங்களை மறுபடி அளந்து, கீழே அதிகமும் மேலே குறைவுமாகப் போட்டேன். மரத்தின் காலடி பனிக்குள் இறங்கி உட்கார்ந்தது. இருநூற்றுப் பதினாறு படங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பிரகாசத்தைக் கூட்டினேன், குறைத்தேன். எனக்கே தூண் நின்ற இடத்தைத் தேடவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அழைப்பு. லீடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் ஓட்டினார். பிரகாசத்தைக் கூட்டி ஓட்டினார். குறைத்து ஓட்டினார். பெரிதாக்கி, இடமிருந்து வலமாகத் தேய்த்துக்கொண்டே போனார். இது போனால் அந்த நாற்காலிதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஒரிஜினல ஒருதடவை போடுங்க" என்றார்.

லீடு போட்டாள்.

"ஓ, இந்தப் பக்கமா இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் தேடிட்டிருக்கேன்." சிறிது நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது ஓகே. யார் பண்ணது?"

லீடு முழங்கையால் என்னை இடித்தாள்.

"நானுங்க. ஓட்டை போட்ட அதே ஆளுதானுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதே தோப்பில் இன்னும் பதினாலு ஷாட் இருக்கிறது, எல்லாவற்றையும் இங்கேயே அனுப்புகிறேன் என்றார். அன்று சாயங்காலம் நிரந்தரம் என்கிற கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். லீடு என் நோட்டை வாங்கி, அந்த நூறடிக் கணக்கைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். பஸ்ஸில் அந்தக் கடிதத்தை நாலுமுறை எடுத்துப் படித்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "நல்ல சேதிங்களா" என்று கேட்டார். ஆமாங்க, ரொம்ப நல்ல சேதி என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்கவேண்டும்.

படம் வெளியானபோது உடுமலைப்பேட்டையிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் ஒருபக்கம், மாமியார் ஒருபக்கம். மாமியாருக்கு அந்தப்பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மா. எந்த ஷாட் என்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. தானாகத் தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

ஷாட் வந்தது. அவ்வளவு பெரிய திரையில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கதாநாயகன் நடக்கிறான். மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் தேய்ந்துகொண்டே போகின்றன. என் மரங்களும் அவற்றின் இடத்தில் நின்று தேய்ந்தன. மாமியார் என் பக்கம் சாய்ந்தார்.

"நம்ம கிழக்காலத் தோப்பாட்டவே இருக்குது."

"அதுதானுங்க அத்தை அது" என்றேன். எந்தத் தோப்பு என்று எனக்கு உண்மையில் தெரியாது, வாயில் வந்துவிட்டது.

"இல்ல இல்ல. அங்க தூரத்துல ஒரு காத்தாடி நிக்கும். இங்க பாரு, ஒண்ணையும் காணோம். இது வேற ஊரு."

திரையில் ஒன்பது விநாடி முடிந்து வேறு காட்சி வந்துவிட்டது.

"நின்னுச்சுங்க அத்தை" என்றேன். "நாந்தான் அழிச்சேன். அன்னைக்குப் போன் பண்ணி மரத்துக்கு மரம் எத்தன அடின்னு கேட்டனில்லீங்களா, இதுக்குத்தான்."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் வாய் திறந்திருந்தது தெரிந்தது. மறுபடி திரையைப் பார்த்தார், அந்தக் காட்சி திரும்ப வரும் என்று காத்திருப்பவர் மாதிரி. பிறகு அந்தப்பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவின் கையைத் தட்டினார்.

"ஏனுங்க, இப்ப ஒரு தோப்பு வந்துச்சில்லீங்க, அதுல ஒரு காத்தாடி இருந்துச்சுங்க. இவ அழிச்சுப்போட்டா. என்ர மருமக."